லோட் செல்லை HX711 வச்சு படிக்கிறது, எடைக்கல் வச்சு கேலிபரேட் பண்றது

அக்கா வீட்டுல இட்லிப்பொடி அரைச்சு தெரிஞ்சவங்களுக்கு 200 கிராம் பாக்கெட்டா போட்டுக் குடுப்பா. பாக்கெட் போட்டப்புறம் ஒரு தடவ சரிபாத்துக்க ஒரு குட்டி தராசு செஞ்சு குடுடான்னு கேட்டா. நானும் 5 கிலோ பார் டைப் லோட் செல் ஒண்ணு, HX711 போர்டு ஒண்ணு, வீட்டுல சும்மா கெடந்த ஆர்டுயினோ யூனோ ஒண்ணு எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்னு உக்காந்தேன், மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. கோடு பத்தே வரிதான், அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. எடைக்கல்ல வைக்கிறதுக்கு முன்னாடியே எவ்ளோ நம்பர் வரணும்னு கணக்கு போட்டு வச்சிருந்தா பாதி நேரம் மிச்சமாயிருக்கும், அத யாரும் எனக்கு சொல்லல. அதனால அந்தக் கணக்கோடயே சேத்து சொல்றேன்.

உள்ள என்ன நடக்குது

பார் டைப் லோட் செல்லுங்கிறது ஒரு அலுமினியக் கட்டை, நடுவுல ஓட்டை குடைஞ்சு மெலிசாக்கி வச்சிருப்பாங்க, மேலயும் கீழயும் வெள்ளையா பசை மாதிரி பூசியிருக்கும். அந்தப் பசைக்கு அடியில ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கு. எடை வச்சா கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், வளைஞ்சா கேஜோட ரெசிஸ்டன்ஸ் துளியூண்டு மாறும். நாலு ரெசிஸ்டன்ஸ பிரிட்ஜா கட்டி ஒரு பக்கம் வோல்டேஜ் குடுத்தா இன்னொரு பக்கம் அந்த மாற்றம் வோல்டேஜா வெளிய வரும்.

எவ்ளோ வரும்? இந்த மாதிரி 5 கிலோ செல்லுக்கு பொதுவா போட்டிருக்கிறது, ஒரு வோல்ட் குடுத்தா முழு எடையில 1 மில்லிவோல்ட், கூடக்கொறைய பத்து பர்சென்ட். பச்சை கலர் HX711 போர்டு செல்லுக்குக் குடுக்கிறது கிட்டத்தட்ட 4.3 வோல்ட். அப்போ முழு 5 கிலோ ஏத்துனாலும் வர்றது 4.3 மில்லிவோல்ட்தான். ஆர்டுயினோ யூனோவோட அனலாக் பின்ல ஒரு படியே 4.9 மில்லிவோல்ட், அதாவது 5 கிலோ வச்சாலும் அது ஒரு படி கூட நகராது. இதுக்குத்தான் நடுவுல HX711. வர்ற சிக்னல 128 மடங்கு பெருசாக்கி 24 பிட் நம்பரா மாத்திக் குடுக்கும்.

மொதல்ல மல்டிமீட்டர் எடுங்க

வயர ஒட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இத செஞ்சுருங்க. செல்லுல நாலு வயர் வரும், பெரும்பாலும் சிவப்பு, கருப்பு, பச்சை, வெள்ளை. ரெண்டு ரெண்டா எடுத்து ஓம் பாத்தா மொத்தம் ஆறு ஜோடி வரும். 1000 ஓம் செல்லா இருந்தா ரெண்டு ஜோடி மட்டும் 1000 பக்கம் காட்டும், மிச்ச நாலு ஜோடியும் 750 பக்கம் காட்டும். 1000 காட்டுற அந்த ரெண்டு ஜோடியில ஒண்ணு சிவப்பு கருப்பு, அதுல வோல்டேஜ் குடுக்கணும், இன்னொண்ணு பச்சை வெள்ளை, அதுலதான் சிக்னல் வரும். கலர் வேற மாதிரி வந்தாலும் இந்த ஓம் கணக்க வச்சு ஜோடிய கண்டுபுடிச்சிரலாம். ஏதாவது ஒரு ஜோடி ஓப்பன்னு காட்டுனாலோ, நாலு 750ல ஒண்ணு மட்டும் தனியா விலகி நின்னாலோ செல் போயிருச்சு, அதோட மல்லுக்கட்டாதீங்க.

மாட்டுறது, இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க

செல்லோட ஒரு முனை அடிப்பலகையில, இன்னொரு முனை மேல்தட்டுல. நடுப்பகுதி எதையும் தொடக்கூடாது, ஏன்னா அங்கதான் வளையணும். அதனால ரெண்டு முனையிலயும் செல்லுக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு மூணு வாஷர் வச்சு தூக்கிக் குடுக்கணும். பக்கவாட்டுல ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கும், அது எடை தள்ளுற பக்கம், மேல்தட்டு மாட்டுற முனையில அம்பு கீழ பாத்து இருக்கணும். தலைகீழா மாட்டுனா ஒண்ணும் கெட்டுப்போகாது, எடை வைக்க வைக்க நம்பர் கொறையும், அவ்ளோதான்.

நான் பண்ண தப்பு போல்ட்டுல. மேல்தட்ட புடிச்சிருந்த போல்ட்டு கொஞ்சம் நீளம், செல்லுக்குள்ள திருகி அடிப்பக்கமா ரெண்டு மில்லிமீட்டர் வெளிய எட்டிப்பாத்துக்கிட்டு இருந்துச்சு. சும்மா இருக்கும்போது அடிப்பலகைய தொடல. அதனால 1 கிலோ கல்ல வச்சு கேலிபரேட் பண்ணேன், 200 கிராம் பாக்கெட்டெல்லாம் கரெக்டா காட்டுச்சு, சந்தோஷமா குடுத்துட்டு வந்துட்டேன். பத்து நாள் கழிச்சு அக்கா ஃபோன் பண்றா, "ஏன்டா, மூணு கிலோ உளுந்து வாங்கிட்டு வந்தேன், உன் தராசுல ரெண்டு கிலோ சொச்சம்தான் காட்டுது, கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" ன்னு. நல்லவேளை, கடைக்கு சண்டைக்குப் போகல. எடை ஏற ஏற செல் வளைஞ்சு அந்த போல்ட்டு நுனி பலகையில போய் உக்காந்துருக்கு, அதுக்கு மேல வர்ற எடைய செல்லுக்குப் பதிலா பலகை தாங்கிருக்கு.

இத செக் பண்ண ஈஸியான வழி, தட்டுல நீங்க நிறுக்கப்போற அதிகபட்ச எடைய வச்சுட்டு, தொங்குற முனைக்கு அடியில ஒரு விசிட்டிங் கார்ட விட்டு இழுத்துப் பாருங்க. தடங்கல் இல்லாம வரணும். போல்ட்டு நுனியில கார்டு மாட்டுச்சுன்னா சின்ன போல்ட்டு போடுங்க, இல்ல வாஷர் ஒண்ணு ஏத்துங்க.

வயரிங்

சிவப்பு E+, கருப்பு E-, பச்சை A+, வெள்ளை A-. B+ B- ரெண்டையும் விட்டுருங்க. இந்தப் பக்கம் VCC ஆர்டுயினோவோட 5 வோல்ட்டுக்கு, GND கிரவுண்டுக்கு, DT மூணாவது பின்னுக்கு, SCK ரெண்டாவது பின்னுக்கு. இஎஸ்பி32 வச்சு பண்றவங்க VCCக்கு 3.3 வோல்ட்டே குடுங்க, 5 குடுத்தா DT லைன்லயும் 5 வோல்ட் வரும், அந்தப் பின் அதுக்குக் கட்டுனது இல்ல.

செல்லோட நாலு வயரையும் சால்டர் பண்ணிருங்க. பிரெட்போர்டுல குத்தி வச்சா ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட் கூட வராத சிக்னல் அந்த லூஸ் கான்டாக்ட்லயே காணாமப் போயிரும்.

கரென்ட் குடுத்தவுடனே E+க்கும் E-க்கும் நடுவுல மீட்டர் வைங்க, 5 வோல்ட் சப்ளைல 4.3 பக்கம் காட்டணும். பச்சை போர்டுகள்ல சிலதுல E- போர்டுக்குள்ள GNDயோட சேராமலே வருது, அப்படி வந்தா ரீடிங் பேய் புடிச்ச மாதிரி ஆடும், என்ன ஆவரேஜ் போட்டாலும் நிக்காது. கரென்ட எடுத்துட்டு E-க்கும் GNDக்கும் நடுவுல பீப் சத்தம் வருதான்னு பாருங்க, வரலன்னா ஒரு சின்ன வயர் வச்சு ரெண்டையும் சால்டர் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது.

மொதல்ல பச்சையா நம்பர் மட்டும்

ஆர்டுயினோ லைப்ரரி மேனேஜர்ல HX711னு தேடுனா நெறைய வரும், நான் யூஸ் பண்றது bogde எழுதுனது. எடுத்தவுடனே கிராம்ல காட்ட ஆசைப்படாதீங்க. கணக்கெல்லாம் போடாத பச்சை நம்பர்தான் உண்மைய சொல்லும்.

```cpp
#include "HX711.h"
HX711 scale;

void setup() {
  Serial.begin(9600);
  scale.begin(3, 2);
}

void loop() {
  Serial.println(scale.read_average(20));
}
```

போர்டு சாதாரணமா செகண்டுக்கு 10 தடவ படிக்கும், 20 ரீடிங்க ஆவரேஜ் பண்றதால ரெண்டு செகண்டுக்கு ஒரு வரி வரும், மெதுவா இருக்கேன்னு பயப்படாதீங்க. வெறும் தட்டுக்கு ஜீரோ வராது, அது எந்த நம்பரா வேணா இருக்கலாம், மைனஸ்ல கூட இருக்கலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. முக்கியம் என்னன்னா நம்பர் நிலையா நிக்குதா, விரலால தட்ட அமுக்குனா ஏறுதா, கைய எடுத்தா பழைய இடத்துக்கே திரும்புதா.

ஒண்ணுமே பிரின்ட் ஆகாம நின்னுச்சுன்னா சிப் ரெடின்னு சொல்லவே இல்லன்னு அர்த்தம், ஏன்னா ரெடியானா சிப் DT லைன கீழ இறக்கும், லைப்ரரி அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. VCC வருதா, DTயும் SCKயும் மாறிப்போச்சான்னு பாருங்க. எப்பவுமே 8388607 இல்ல -8388608 வந்தா சிப் தாங்குற எல்லைய தாண்டிருச்சு, அனேகமா செல் வயர் ஒண்ணு அறுந்திருக்கு இல்ல தப்பான இடத்துல ஒட்டியிருக்கு, ஓம் டெஸ்ட்ட மறுபடி பண்ணுங்க.

கணக்கு

இப்பதான் நான் மொதல்ல சொன்ன விஷயம். 128 மடங்குல HX711 முழுசா அளக்கிறது, செல்லுக்குக் குடுக்கிற வோல்டேஜுல பாதிய 128ஆல வகுத்தா வர்றது, பிளஸ்லயும் அவ்ளோ மைனஸ்லயும் அவ்ளோ. பிளஸ் பக்கம் மட்டும் 8388608 எண்ணிக்கை. செல் குடுக்கிறது அதே வோல்டேஜுல ஆயிரத்துல ஒரு பங்கு. ரெண்டையும் வகுத்தா வோல்டேஜ் அடிபட்டுப்போகும், பாருங்க:

```
0.001 / (0.5 / 128) = 0.256
0.256 x 8388608     = 2147484   (5000 g)
2147484 / 5000      = 429.5     (1 g)
```

வோல்டேஜ் 4.3ஆ இருந்தாலும் 3.2ஆ இருந்தாலும் ஒரு கிராமுக்கு 430 பக்கம்தான் வரும். சிப்பும் செல்லும் ஒரே வோல்டேஜ பங்கு போட்டுக்கிறதால வர்ற வசதி இது. செல்லுல பத்து பர்சென்ட் கூடக்கொறைய இருக்கும்னு சொன்னேன்ல, அதனால 5 கிலோ செல்லுக்கு 387ல இருந்து 472க்குள்ள எது வந்தாலும் ஓகே. இதே மாதிரி 1 மில்லிவோல்ட் செல் 10 கிலோவா இருந்தா 215 பக்கம், 20 கிலோவா இருந்தா 107 பக்கம். உங்க செல்லுல 2 மில்லிவோல்ட்னு போட்டிருந்தா ரெண்டால பெருக்கிக்கோங்க.

இந்த நம்பர் கையில இருந்தா எடைக்கல் வச்சதும் நிலவரம் தெரிஞ்சிரும். உங்களுக்கு கிராமுக்கு 215 வருதுன்னா 5 கிலோன்னு சொல்லி 10 கிலோ செல்ல தலையில கட்டிட்டாங்க. 150, 90ன்னு வந்து, அதுவும் எடைக்கு எடை மாறுச்சுன்னா எங்கயோ உரசுது. யாரோ ஒருத்தர் கோடுல எழுதியிருக்கிற கேலிபரேஷன் நம்பர எடுத்துப் போட்டு, சரியா வர்ற வரைக்கும் ஒண்ணு ஒண்ணா கூட்டிக் கொறைக்கிறத பல எடத்துல பாத்திருக்கேன். எனக்கு அது சுத்தமா புடிக்காது, ஏன்னா அப்படி பண்ணா உரசுற போல்ட்டுக்கும் ஒரு நம்பர் கெடைச்சிரும்.

எந்த எடைய நம்புறது

ஒரு கிலோ உப்பு பாக்கெட்ட வச்சு பண்ணலாமான்னு கேப்பாங்க. பாக்கெட்டுல போட்டிருக்கிறது உள்ள இருக்கிற சரக்கோட எடை, கவர் எடை தனி. அது மட்டுமில்ல, பொட்டலப் பொருள் விதிப்படி ஒரு கிலோ பாக்கெட்டுல 15 கிராம் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம். அரை லிட்டர் பால் பாக்கெட்டு லிட்டர் கணக்கு, பாலு தண்ணிய விட கொஞ்சம் கனம், அதனால 500 கிராம்னு நெனச்சீங்கன்னா 15 கிராம் கிட்ட தப்பு. அஞ்சு ரூபா காசும் வேணாம், பழைய வெள்ளைக் காசு 9 கிராம், அப்புறம் வந்த மஞ்சக் காசு 6 கிராம், கலந்து எடுத்தா போச்சு.

நான் பண்ணது, தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்கிட்ட முத்திரை போட்ட இரும்புக்கல் கேட்டேன். 1 கிலோ ரெண்டு, 500 கிராம் ஒண்ணு, 200 கிராம் ஒண்ணு. கல்லுல ஈயம் ஊத்தி அதுமேல முத்திரை ஆய்வாளர் குத்துன முத்திரை இருக்கும், அது இருக்கிற கல்லா பாத்து வாங்குங்க, துரு ஏறி சொரசொரன்னு இருக்கிறது வேணாம். "கல்ல எடுத்துட்டுப் போயி என்னப்பா பண்ணப் போற"ன்னு அண்ணாச்சி ரொம்ப நேரம் சந்தேகமா பாத்தாரு. கல்லு கெடைக்கலன்னா ஒரு பாட்டில்ல தண்ணி ரொப்பி மூடி இறுக்கி, தெரிஞ்ச நகைக்கடை தராசுல நிறுத்து எவ்ளோன்னு பாட்டில் மேலயே எழுதிக்கோங்க, அதுவே உங்க எடைக்கல்.

கேலிபரேட் பண்றது

கரென்ட் குடுத்து 15 நிமிஷம் சும்மா விடுங்க. சூடாகி நிலைக்கு வர்ற வரைக்கும் நம்பர் மெதுவா ஒரு பக்கமா நகந்துக்கிட்டே இருக்கும். மேல ஓடுற ஃபேன நிறுத்துங்க, காத்து தட்ட அமுக்குறது இந்த தராசுக்குத் தெரியும். அக்கா வீட்டு சமையக்கட்டுல ஃபேன் போட்டா ரீடிங் ஒரு கிராம் வரைக்கும் ஆடுச்சு, நான் சிப் நாய்ஸுன்னு நெனச்சு ஒரு சாயங்காலம் பூரா வீணடிச்சேன்.

அப்புறம் வெறும் தட்டு நம்பர எழுதிக்கோங்க. 1 கிலோ கல்ல தட்டு நடுவுல மெதுவா வைங்க, தொப்புன்னு போட வேணாம், பத்து செகண்டு விட்டு நம்பர எழுதுங்க. போல்ட்ட மாத்துனப்புறம் எனக்கு வந்தது:

```
0 g      84310
1000 g   507960
(507960 - 84310) / 1000 = 423.65
```

கணக்குல 429.5, கையில 423.65, செல்லோட பத்து பர்சென்டுக்குள்ள நல்லாவே அடங்குது. இதோட நிறுத்துனா நான் மொத தடவ பண்ண தப்புதான் திரும்பவும் நடக்கும். இந்த 423.65ஐ மாத்தாம வேற எடைங்கள வச்சு அது சொல்றது சரியான்னு பாக்கணும்:

```
200 g    169060   (169060 - 84310) / 423.65 = 200.05
500 g    296170   (296170 - 84310) / 423.65 = 500.08
2000 g   931510   (931510 - 84310) / 423.65 = 1999.76
0 g      84330
```

200, 500, 2000 மூணுலயும் கால் கிராமுக்குள்ள. கடைசியா எல்லாத்தையும் எடுத்துட்டு பாத்த வெறும் தட்டு 20 எண்ணிக்கை மட்டும் நகந்திருக்கு, அது 0.05 கிராம். ஜீரோவுக்கு திரும்பாம ஆயிரக்கணக்குல விலகி நின்னுச்சுன்னா போல்ட்டு லூஸு, இல்ல வயர் விறைப்பா இருந்து தட்ட இழுக்குது. பெரிய எடையில மட்டும் கொறைச்சுக் காட்டுச்சுன்னா உளுந்து கதைதான், கார்ட விட்டுப் பாருங்க.

இன்னொரு டெஸ்ட் இருக்கு, 500 கிராம் கல்ல தட்டோட நாலு மூலையிலயும் வச்சுப் பாருங்க. ஒத்தை செல்லு மேல பெரிய தட்டு மாட்டுனா மூலைக்கு மூலை மாறும். எனக்கு ரெண்டு கிராம் மாறுச்சு, தட்ட சின்னதாக்குனேன், அரை கிராமுக்கு வந்துச்சு, அதுக்கு மேல நோண்டல.

இப்ப கிராம்ல காட்டலாம். `setup` உள்ள, `scale.begin` வரிக்குக் கீழ:

```cpp
scale.set_scale(423.65);
scale.set_offset(84310);
```

`loop` உள்ள பழைய வரிய எடுத்துட்டு:

```cpp
Serial.println(scale.get_units(10), 1);
```

`set_offset`க்குப் பதிலா `scale.tare()` போட்டா ஆன் பண்றப்ப தட்டுல இருக்கிறத ஜீரோவா எடுத்துக்கும். வெயில், சூடு மாறுனா வெறும் தட்டு நம்பர் தினமும் கொஞ்சம் நகரும், அதனால தினசரி வேலைக்கு `tare` தான் நல்லது. ஆனா தட்டுல பொடி டப்பாவ வச்சுட்டே ஆன் பண்ணா டப்பாவ எடுத்ததும் மைனஸ்ல காட்டும், அக்காவுக்கு இத சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு, கடைசில ஒரு பட்டன் வச்சு அத அமுக்குனா `tare` ஓடுற மாதிரி பண்ணிட்டேன். 423.65 மட்டும் அப்படியே இருக்கட்டும், செல்லையோ போல்ட்டையோ தொட்டாத்தான் அத மறுபடி எடுக்கணும்.

24 பிட்டுன்னு சொல்றாங்களேன்னு நாலு தசம ஸ்தானம் போட்டுக் காட்டாதீங்க. சிப்போட டேட்டாஷீட்ல போட்டிருக்கிற நாய்ஸே இந்த செல்லுல 0.06 கிராம் பக்கம் வருது, நம்ம வயரிங்ல இன்னும் கூடத்தான் இருக்கும், ஒரு தசமம் போதும். நெறைய நேரம் எடைய அப்படியே விட்டு வச்சாலும் நம்பர் மெல்ல ஏறும், அலுமினியமும் பசையும் மெதுவா இழுத்துக் குடுக்கிறதால வர்றது அது, ராத்திரி பூரா வச்சிருந்த டப்பாவோட எடைய காலைல பாத்துட்டு கோட தோண்டாதீங்க.

அக்காவோட பாக்கெட்டெல்லாம் இப்ப 201, 202ன்னு வருது, கவர் எடை நாலு கிராம் அவ கணக்குல எடுக்கலன்னு இந்த தராசு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நாளைக்கு கடைக்கு சப்ளை பண்ண ஆரம்பிச்சா முத்திரை போட்ட தராசு வாங்கித்தான் ஆகணும், இத வச்சு நிறுத்து விக்க முடியாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் அண்ணாச்சி கல்லு ஒண்ணு இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை குடுக்கணும்.